அந்த பயானில் சொன்னது இதுதான்

"முதலாளி வேற மதத்துக்காரர்னா, வாங்கின அட்வான்ஸைத் திருப்பித் தர வேணாம்னு காரைக்குடி ஜும்ஆ பயான்ல சொன்னாங்களாமே?"

இல்லை. அன்று நான் முன்வரிசையில் இருந்தேன். பரவும் வீடியோவில் ஹஜரத் கேட்ட கேள்வி மட்டும் இருக்கிறது, பதிலை வெட்டிவிட்டார்கள். வடநாட்டுத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் அவர் சொன்ன பதில் இது: ஆத்தங்குடி கல் பட்டறையில் நாள்கூலி 700, அட்வான்ஸ் 4,200. நாலே நாளில் ஊருக்குக் கிளம்பினால் 1,400 ரூபாய் கடன், கொடுத்தே ஆகணும். 'ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள்' என்னும் குர்ஆன் 5:1 எதிராளியின் மதத்தைக் கேட்கவில்லை. நபிகள் மதீனாவுக்குப் போகக் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியே முஸ்லிம் அல்லாதவர்தான்.

முதலாளிகளையும் விடவில்லை. வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே நிற்பான் என்ற புகாரி ஹதீஸைச் சொல்கையில் அவர் குரல் தழுதழுத்தது.