எலுமிச்சைக்கு ஒரு குரல், சாக்குக்கு ஒரு குரல்

போன பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் மைக் பிடித்தவர் நல்ல மனிதர். கணீரென்ற குரல் அவருக்கு. சாக்கு ஓட்டத்தில் ஒரு பையன் தடுக்கி விழுந்தபோது, "அதோ பாருங்கள், பூசணிக்காய் உருளுகிறது!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பையன் எழுந்தான், சாக்கிலிருந்து காலை உருவிக்கொண்டான், அதை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றான். இந்த வருடம் அவன் பெயர் பட்டியலில் இல்லை. இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தான்.

அதனால்தான் இந்த முறை மைக்கை நானே கேட்டு வாங்கினேன். எனக்கு ஒன்றும் பெரிய அனுபவம் கிடையாது. பெங்களூருக்கு வந்து இருபது வருடமாகிறது, அதில் ஏழெட்டுப் பொங்கல் விளையாட்டுகளில் ஓரமாக நின்று சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். ஓரமாக நிற்பவனுக்குத்தான் வர்ணனை எங்கே பிசகுகிறது என்று தெரியும்.

முதல் பிசகு, வானொலி வர்ணனையைப் போலப் பேசுவது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்தபோது, பந்து எங்கே போகிறது என்று அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். மைதானத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்தத் தேவை இல்லை. "சிவப்புச் சட்டை முன்னால் வருகிறது, நீலச் சட்டை பின்னால் வருகிறது" என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைச் சொன்னால்தான் வர்ணனையாளருக்கு அங்கே வேலை. எலுமிச்சையின் மனத்தில் என்ன ஓடுகிறது, சாக்கு யார்மீது கோபமாக இருக்கிறது, இந்த மாதிரி.

நான் பின்பற்றியது ஜல்லிக்கட்டு மைக்கை. வாடிவாசலில் மாடு யார் கைக்கும் சிக்காமல் போய்விட்டால் "மாடு வெற்றி!" என்று அறிவிப்பார்கள். பிடிக்க வந்தவர் தோற்றார் என்று யாரும் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, பரிசும் மாட்டுக்காரருக்குப் போய்விடுகிறது. அதை அப்படியே கரண்டிக்குக் கொண்டுவந்தேன். யாருடைய எலுமிச்சை கீழே விழுந்தாலும் "எலுமிச்சை வெற்றி!" என்பதுதான் அறிவிப்பு. இரண்டாவது முறை சொல்வதற்குள் பிள்ளைகளே கூடச் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டார்கள். விழவிட்ட பிள்ளையும் கத்தியது.

எலுமிச்சை ஓட்டத்தின் சங்கதி என்னவென்றால், கரண்டி பல்லுக்கு நடுவில் இருக்கிறது, கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்த நிலையில் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைத்தால் உதடு விரியும், பல் பிடி தளரும், கரண்டி சாயும். ஆகவே வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று ஓட்டத்தின் நடுவில் நகைச்சுவை சொல்பவர், தெரிந்தோ தெரியாமலோ, பிள்ளைகளைத் தோற்கடிக்கிறார். சிரிப்பு முழுவதையும் விசிலுக்கு முன்பே செலவழித்துவிட வேண்டும்.

நான் செய்தது இதுதான். எட்டு வயதுக்குட்பட்ட ஐந்து பேர் கோட்டில் நிற்கிறார்கள், கரண்டி இன்னும் கையில்தான் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு எலுமிச்சைகளை அறிமுகம் செய்தேன். "ஒன்றாம் கோட்டில் நிற்பது கே.ஆர். மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய எலுமிச்சை, இதுவரை யாருக்கும் தலைவணங்கியதில்லை. இரண்டாம் கோட்டு எலுமிச்சை இன்று காலை ரசத்துக்குப் போக வேண்டியது, கடைசி நிமிடத்தில் தப்பி வந்திருக்கிறது. மூன்றாவது, ஊறுகாய் ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததால் கொஞ்சம் நடுக்கத்தில் இருக்கிறது. நான்காவது, வாசலில் திருஷ்டிக்குக் கட்டத் தேர்வாகி, பச்சை மிளகாயோடு ஒத்துப்போகாமல் விலகிவிட்டது. ஐந்தாவது, ஆயுதபூஜையன்று புது ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அடியிலிருந்து உருண்டு ஓடிவந்தது. இந்த ஐந்தில் ஓடிப் பழக்கமுள்ளது அது ஒன்றுதான்!"

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். பிறகு விதியைச் சொன்னேன்: விழுந்தால் விழுந்த இடத்திலேயே நின்று, கையால் எடுத்துக் கரண்டியில் வைத்து, அங்கிருந்தே தொடரலாம். இதை முன்னாலேயே மைக்கில் சொல்லாவிட்டால் பாதி ஓட்டத்தில் ஒரு பிள்ளை நின்று அழும், அதன் அப்பா நடுவரிடம் சண்டைக்குப் போவார். பெரிய பிள்ளைகளுக்கு விழுந்தால் வெளியே என்று வைத்துக்கொள்ளலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் கரண்டி வாய்க்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டேன். விசில்.

இருபது மீட்டர்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அது இருபது, இருபத்தைந்து விநாடி நடை. அந்த நேரத்தில் ரகசியம் பேசுவது போல் பேச வேண்டும். மைக்கை உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, மெதுவாக: "தூங்குகிறது... எலுமிச்சை தூங்குகிறது... யாரும் எழுப்பிவிடாதீர்கள்..." நம்புவீர்களோ மாட்டீர்களோ, கத்திக்கொண்டிருந்த பெற்றோர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு தாத்தா தன் பேத்திக்கு முன்னால் பூனை நடை போட்டுக் காட்டினார்.

இதெல்லாம் முதல் சுற்றிலேயே வாய்த்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். முதல் சுற்றில் நான் இரண்டு தப்பு செய்தேன். முன்னால் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். பெயர் காதில் விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள், எலுமிச்சை திரும்பவில்லை. ஓட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "அங்கிள், ஓடும்போது என் பெயரைச் சொல்லாதீர்கள்" என்றாள். ஏழு வயது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி வகுப்பு அது. பெயரெல்லாம் விசிலுக்கு முன்னால், இல்லாவிட்டால் எல்லைக் கோட்டுக்கு அப்பால். நடுவில் எலுமிச்சையை மட்டுமே கூப்பிட வேண்டும், அது திரும்பிப் பார்க்காது.

இரண்டாவது தப்பு, பிள்ளைகளோடு கூடவே நடந்து போனது. ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் போனதும் மைக் "கூ" என்று ஊளையிட்டது. திடுக்கிட்டதில் இரண்டு எலுமிச்சைகள் புல்லில். மைக்கில் பேசுபவர் ஒலிபெருக்கிக்குப் பின்பக்கம் ஓரிடத்தில் நின்றுவிடுவதே நல்லது. எல்லைக் கோடு தெரிகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்.

சாக்கு ஓட்டம் நேர்மாறு. அங்கே வாய்க்கு வேலையில்லை, சிரிக்கலாம், கத்தலாம். சிரமம் முழுக்கத் தாளத்தில் இருக்கிறது. யஷ்வந்த்பூர் சந்தையிலிருந்து வந்த ஐம்பது கிலோ சணல் சாக்குகள் எங்களுடையவை. (பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், புல்லில் வழுக்கும்.) அது ஏழு வயதுப் பிள்ளைக்கு மார்பு வரை வரும், வாயை மடித்து இடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். குதிக்கக் குதிக்கப் பிடி இறங்கும், சாக்கின் வாய் முழங்காலுக்கு வரும், அடுத்த குதியில் தொங்குகிற துணியைத் தானே மிதித்து விழுவார்கள். நான் பார்த்த வரையில் விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விழுவது இப்படித்தான். கையைக் கவனித்தால் இரண்டு குதி முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஆகவே மைக் இங்கே தவில் ஆகிவிட வேண்டும். "தொம்... தொம்... தூக்கிப் பிடி! தொம்... தொம்... தூக்கிப் பிடி!" பிள்ளைகள் குதிக்கிற வேகத்துக்கு நான் சொன்னேன், என் வேகத்துக்கு அவர்களை இழுக்கவில்லை. இது முக்கியம். உற்சாகம் தலைக்கேறி "தொம்தொம்தொம்" என்று வேகத்தைக் கூட்டினால் வரிசையாகச் சரிவார்கள். ஒரு பையன் குதிக்கவே இல்லை, இரண்டு கட்டைவிரலையும் சாக்கின் இரு மூலைகளில் திணித்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடினான். எங்கள் விதியில் அதற்குத் தடை இல்லை. "நான்காம் சாக்குக்குள் யாரோ தையல் இயந்திரம் வைத்திருக்கிறார்கள்" என்றேன். அவன்தான் முதலில் வந்தான்.

யாராவது விழுந்தால் நான் இரண்டு விநாடி பேசுவதில்லை. முகத்தைப் பார்ப்பேன். அழுகை வருகிற முகம் என்றால் அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசப் போய்விடுவேன், கூட்டத்தின் கண்ணும் அங்கே போகும். சிரிக்கிற முகம் என்றால் பழியைச் சாக்கின் மேல் போட்டுவிடுவேன்: "நம்பி உள்ளே இறங்கியவனைச் சாக்கே காலை வாரிவிட்டது!" தமிழில் நமக்கு இது ஒரு வசதி. விழுந்ததற்குச் சாக்குச் சொல்ல வேறெங்கும் தேட வேண்டியதில்லை, கையிலேயே பிடித்திருக்கிறான்.

எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் கன்னடம் பேசுகிறவர்கள், அதனால் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு இது கோணிச்சீல ஓட்டம், நமக்குக் கோணிப்பை, ஆக அதில் சிக்கலில்லை. சிக்கல், "வாருங்கள், வாருங்கள்" என்பதற்குக் கன்னடத்தில் "பன்னி, பன்னி" என்றபோது வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுவன் சாக்கோடு நின்று, "யாரைச் சொல்கிறீர்கள்?" என்றான். விளக்குவதற்குள் மற்றவர்கள் பாதி தூரம் போய்விட்டார்கள். அவனுக்காக அந்தச் சுற்றை மறுபடி நடத்தினோம்.

பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா சங்கராந்திக்கு எள்ளு பெல்லா கொடுக்கும்போது, "தின்று நல்ல வார்த்தை பேசுங்கள்" என்று வழக்கப்படி சொல்வார். அன்று என் கையில் இரண்டு பங்கு வைத்தார். "மைக் பிடிப்பவருக்கு ஒன்று போதாது" என்றார்.

கடைசியாக வருகிற பிள்ளையைப் பற்றி ஒரு கருத்து, இதில் பலர் என்னோடு சண்டை போடலாம். "பாவம், குழந்தை வரட்டும், கைதட்டுங்கள்" என்று மைக்கில் கேட்பது எனக்குப் பிடிக்காது. அந்தப் "பாவம்" பிள்ளையின் காதில் பூசணிக்காயை விட மோசமாக விழும். முதல் பிள்ளைக்குச் சொன்ன அதே "தொம்... தூக்கிப் பிடி" தாளத்தைக் கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும் வரை நிறுத்தாமல் சொன்னால் போதும். தாளம் நிற்காதவரை கூட்டத்துக்கு ஓட்டம் முடியவில்லை. முதலிடத்தை அறிவிக்கும் அவசரமும் வேண்டாம். நான் நின்ற கோணத்திலிருந்து நீலச் சட்டைதான் முதலில் வந்தது, கயிறு பிடித்த நடுவர்கள் இருவரும் வேறு பெயரைச் சொன்னார்கள். வாயைத் திறக்காமல் இருந்ததால் தப்பித்தேன்.

மறுநாள் காலையில் லிஃப்டில் அந்த ஏழு வயதுக்காரி ஏறினாள். இரண்டாம் முறை ஓடியபோதும் அவளுடைய எலுமிச்சை விழுந்திருந்தது, ஊறுகாய் ஜாடியை நினைத்துப் பயந்து குதித்துவிட்டது என்று நான் மைக்கில் அறிவித்திருந்தேன்.

"அங்கிள், நேற்று நீங்கள் சொன்னது பொய்" என்றாள்.

"எது?"

"எலுமிச்சை பயப்படவில்லை. தாத்தா பூனை மாதிரி நடந்தாரே, அதைப் பார்த்து நான்தான் சிரித்துவிட்டேன்."

மூன்றாம் மாடி வந்தது, இறங்கிப் போய்விட்டாள்.