தயிரை நிறுத்திய அம்மாவும் லஸ்ஸி பாக்கெட்டும்

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. போன சித்திரையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பாலில் இருப்பதும் சர்க்கரைதாம்மா, தயிரை விட்டால்தான் சுகர் இறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு வீட்டில் அம்மாவுக்குத் தயிர் சாதம் நின்றது. மத்தியானம் குழம்பு, ரசம் முடிந்ததும் தட்டைக் கழுவப் போய்விடுவார். வெயில் மண்டையைப் பிளக்கும்போது மட்டும் தெருமுனைக் கடையிலிருந்து ஒரு லஸ்ஸி பாக்கெட் வாங்கி வரச் சொல்வார். கேட்டால், "மோர் மாதிரிதானேடா அது" என்பார்.

மூன்று மாதம் கழித்து, சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தோம். 7.1-லிருந்து 7.9 ஆகியிருந்தது. மாம்பழ சீசன் வேறு, அதனால் பழி முழுவதையும் லஸ்ஸி மேல் போட முடியாது. ஆனால் தயிரை விட்டும் சுகர் ஏறியதே என்று அம்மா குழம்பிப் போனார். எனக்கோ அந்தக் காலி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

100 மில்லிக்கு மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், 15 கிராம். அதில் கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை மட்டும் 11 கிராம். பாக்கெட் 200 மில்லி. அதாவது ஒரு பாக்கெட்டில் 22 கிராம் சர்க்கரை, நாலரை டீஸ்பூன் வரும். அம்மா காலைக் காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வதற்கே என்னிடம் திட்டு வாங்குகிறவர்.

இனி அக்கா சொன்னதற்கு வருகிறேன். பாலில் சர்க்கரை இருக்கிறது என்பது உண்மைதான். அதன் பெயர் லாக்டோஸ், 100 மில்லி பாலுக்கு ஏறக்குறைய 5 கிராம். நீலப் பாக்கெட்டோ பச்சையோ ஆரஞ்சோ, கொழுப்புதான் 3, 4.5, 6 சதவீதம் என்று மாறும். லாக்டோஸ் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக ஒரு டம்ளர், 200 மில்லி பாலில் 10 கிராம். இதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

ஆனால் அந்த 10 கிராம் இரத்தத்துக்கு வரும் விதம் வேறு. லாக்டோஸ் குடலில் இரண்டாக உடைகிறது. பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். காலக்டோஸை முதலில் கல்லீரல் வாங்கிக்கொள்வதால் அது உடனே மீட்டரில் தெரிவதில்லை. பாலின் புரதமும் கொழுப்பும் வயிறு காலியாவதை மெதுவாக்குகின்றன. ஒரு உணவு சுகரை எவ்வளவு ஏற்றும் என்பதைக் குளுக்கோஸை 100 என்று வைத்துச் சொல்லும் எண் கிளைசெமிக் இன்டெக்ஸ். அதனால்தான் பாலுக்கு அது 30, 40 என்ற அளவிலேயே நிற்கிறது. சர்க்கரை போடாத தயிருக்குப் பெரும்பாலும் அதைவிடவும் குறைவு.

தயிரில் இன்னொன்றும் நடக்கிறது. உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. இதை வைத்து "புளித்த தயிரில் சர்க்கரையே இல்லை" என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. பாக்டீரியாக்கள் கால் பங்கு போலத்தான் தின்னும். அமிலம் கூடியதும் அவற்றின் வேலையும் மந்தமாகிவிடும். ஒரு கிண்ணம் தயிரில் பாலைவிடக் கொஞ்சம் குறைவாக லாக்டோஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும்.

சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்பதால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். நான்கு நாள், காலை வெறும் வயிற்றில். முதல் நாள் சர்க்கரை போடாத பால் 200 மில்லி. குடிக்கும் முன் 118, ஒரு மணி நேரத்தில் 141, இரண்டு மணி நேரத்தில் 124. இன்னொரு நாள் அதே லஸ்ஸி, அதே 200 மில்லி. முன்னால் 121, ஒரு மணியில் 189, இரண்டு மணியில் 158. வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம் என்பதால் இரண்டையும் ஒரு தடவையோடு விடவில்லை, மறுபடியும் பார்த்தோம். எண்கள் கொஞ்சம் நகர்ந்தன, இடைவெளி அப்படியே இருந்தது. பாலுக்கு இருபது சொச்சம் ஏற்றம், லஸ்ஸிக்கு அறுபதுக்கு மேல். பத்துப் புள்ளி வித்தியாசம் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இது அப்படியில்லை.

நீங்களும் பார்ப்பதானால் ஒரே அளவு, ஒரே நேரம், கூடவே பிஸ்கட் எதுவும் கூடாது. கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் ஒட்டிய லஸ்ஸியே மீட்டரில் ஐம்பது ஏற்றிக் காட்டும் (இது எங்கள் வீட்டில் நடந்தது). இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வேளையைத் தள்ளிப்போட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், சுகர் இறங்கிவிடும்.

யூட்யூபில் பாலுக்கு எதிராக இன்னொரு குற்றச்சாட்டும் ஓடுகிறது. "பால் சுகரை ஏற்றாவிட்டாலும் இன்சுலினை ஏற்றும்" என்பது. இது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. 2001-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்குப் பாலும் புளிக்கவைத்த பாலும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் சர்க்கரை ஏற்றம் பாலுக்கு 30, புளித்த பாலுக்கு 15. ஆனால் இன்சுலின் சுரப்போ 90-ஐத் தாண்டி, கிட்டத்தட்ட ரொட்டிக்குச் சமமாக வந்தது. பால் திரியும்போது தெளிந்து நிற்கிற தண்ணீரில் உள்ள புரதம் கணையத்தைத் தட்டி எழுப்புகிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டைப் 2 ஆட்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்சுலின் தாமதமாகவும் குறைவாகவும் வருவதுதானே பிரச்சினை? கணையத்தில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தால் அந்தச் சுரப்பு சுகரை இறக்கத்தான் உதவும். பாலுக்கு ஏற்றம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டைப் 1 குழந்தைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தட்டி எழுப்ப இன்சுலின் இல்லை, ஒரு டம்ளர் பாலின் 10 கிராமையும் எண்ணித்தான் ஊசி போட வேண்டும்.

சரி, கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? நான் வைத்திருக்கும் வழி மிக எளிது. பாக்கெட்டின் பின்னால் 100 மில்லிக்கோ 100 கிராமுக்கோ போட்டிருக்கும் மாவுச்சத்து வரியைப் பாருங்கள். அதிலிருந்து 5-ஐக் கழியுங்கள். அந்த 5 மாடு கொடுத்தது, மிச்சம் கம்பெனி கொடுத்தது. வெறும் தயிரில் மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். ஸ்ட்ராபெரி, மாம்பழம் என்று படம் போட்ட யோகர்ட் கப்பில் 15 என்று இருந்தால் மிச்சம் 10, இரண்டு டீஸ்பூன். லஸ்ஸியில் தண்ணீர் கலப்பதால் மாட்டின் பங்கு 5-ஐவிடக் குறையும், சேர்த்த சர்க்கரை நம் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

சேர்த்த சர்க்கரைக்கு என்று தனி வரியே இருக்கும்போது ஏன் மாவுச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். சில பொருட்களில் கெட்டித்தன்மைக்கு மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பார்கள். அது சர்க்கரைக் கணக்கில் முழுசாக வராது, மாவுச்சத்துக் கணக்கில் வந்துவிடும். உடம்பு அதைச் சர்க்கரைக்குச் சளைக்காத வேகத்தில் குளுக்கோஸ் ஆக்கும். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களும் இந்த வகைதான். லாக்டோஸ் இல்லாத பால் என்று விற்பதும் சர்க்கரை இல்லாத பால் அல்ல, லாக்டோஸை முன்கூட்டியே உடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிராம் கணக்கு மாறாது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில், வாரம் இரண்டு கப் யோகர்ட் டைப் 2 வரும் அபாயத்தைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள கம்பெனிகளுக்கு இடம் கொடுத்தது. ஆதாரம் குறைவானது என்று அதே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேட்டு மனுப் போட்டதே ஒரு யோகர்ட் கம்பெனிதான். அது சுகர் இன்னும் வராதவர்களைப் பற்றியது, வந்தவர்களுக்கு மருந்து என்பதல்ல. இனிப்பு யோகர்ட்டைத் தனியாக விலக்கவும் இல்லை. வாட்ஸப்பில் "தயிர் சாப்பிட்டால் சுகர் வராது, அமெரிக்காவே சொல்லிவிட்டது" என்று வந்து சேரும்போது இந்த விவரம் எல்லாம் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

தயிர் சாதத்தில் கவனிக்க வேண்டியது சாதத்தைத்தான். 2003-இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், வெறும் சோற்றைவிடப் பால் பொருளோடு சேர்த்த சோற்றுக்குச் சுகர் ஏற்றம் குறைவாக இருந்தது. அதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். வெயிலுக்கு என்றால் நீர்மோர். அரை டம்ளர் தயிரை இரண்டு டம்ளராக விளாவினால் டம்ளருக்கு 2 கிராம் சர்க்கரைகூட வராது. பிரஷர் இருந்தால் உப்பை மட்டும் குறையுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்கள் பால், தயிர் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும், அங்கே கவலை சர்க்கரை அல்ல, பாஸ்பரஸும் பொட்டாசியமும். அப்புறம், சுகர் இறங்கிக் கை நடுங்கும்போது பாலைத் தேடாதீர்கள். அது மெதுவாகத்தான் ஏற்றும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

இப்போது அம்மாவுக்கு மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர் உண்டு, அளந்து எடுத்த ஒரு கப் சோற்றோடு. லஸ்ஸி நின்றுவிட்டது. இராத்திரி மஞ்சள் பாலில் பனங்கற்கண்டு போடுவதில் மட்டும் இன்னும் சண்டை. "அது மருந்துடா" என்கிறார். பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்ட்ரிப் டப்பாவில் இன்னும் ஆறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் பார்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.