பால் காட்டாத வினைகள் நிறைய இருக்கின்றன

"நான் தமிழில் மொழிபெயர்க்கும் கதையில் 16 வயதுப் பாத்திரம், ஆணா பெண்ணா என்று ஆங்கில மூலம் சொல்லவில்லை. 'அவர்' போட்டால் பெரியவர் போல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?"

கதை சொல்பவர் குரலில் 'அவர்' இருக்கட்டும், இரண்டு பக்கத்தில் வாசகருக்குப் பழகிவிடும். 'அவர்கள்' மட்டும் வேண்டாம். இன்னொரு ஆள் எங்கே என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். உண்மையான சிக்கல் நண்பர்கள் பேசும் இடத்தில்தான். எந்தப் பள்ளிப் பிள்ளையும் கூடப் படிக்கும் நண்பரை 'அவர் வந்தார்' என்று சொல்லாது.

அங்கே பால் விகுதி ஏற்காத வினைகளைப் பிடியுங்கள். "அலெக்ஸ் இங்க இல்ல. வீட்டுக்குப் போயாச்சு. நாளைக்குப் பரீட்சை, படிக்கணும்." மூன்று வாக்கியத்திலும் பால் இல்லை, செயற்கையாகவும் இல்லை. இல்லை, முடியாது, வேண்டும், -லாம், -ஆச்சு எல்லாம் இந்த வகை. உடைமைக்குத் 'தன்' இருக்கிறது.

மாட்டிக்கொள்வது சாதாரண இறந்தகால வினையில். சிரித்தானா, சிரித்தாளா? நான்காம் வேற்றுமைக்குப் போனால் தப்பிக்கலாம்: "அலெக்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது." ஆனால் வேண்டுமென்றே சிரித்த இடத்தில் இது பொருளையே மாற்றிவிடும், கவனம். செயல்கள் வரிசையாக வந்தால் வினையெச்சமாகக் கோத்து, கடைசி வினைக்கு எழுவாயை மாற்றுங்கள்: "கதவைத் திறந்து, பையை எறிந்துவிட்டு, கட்டிலில் விழுந்ததும் தூக்கம் வந்துவிட்டது." பத்தி முழுக்க இப்படியே போனால் மூச்சு முட்டும், நடுவில் ஓரிரு 'அவர்' வந்தால் வரட்டும்.

அப்புறம், 'அது' என்று எழுதலாமே என்ற யோசனையும் வரலாம். குழந்தைக்குச் சரி. 16 வயதுப் பிள்ளைக்கு அது வசவு.