தொப்பையை விடுங்க, அந்த வாயைக் கலாய்ங்க

கோபத்தோடதான் எழுதறேன். டயட்ல தோத்தவன், ஜிம்முக்குக் காசு கட்டிட்டுப் போகாதவன், மேடை ஏறித் தன்னைத்தானே கலாய்ச்சுக்கறது எவ்வளவு அருமையான சமாச்சாரம்! அதைப் போய் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி நாசம் பண்றாங்க? மைக்கைப் பிடிச்ச அடுத்த நொடியே "என் தொப்பையைப் பாருங்க, நான் உட்கார்ந்தா நாற்காலி அழுவுது"ன்னு ஆரம்பிக்க வேண்டியது. ஒருத்தரும் சிரிக்கறதில்லை. முன்வரிசையில பேசறவரைவிடப் பருமனா ஒருத்தர் உட்கார்ந்து சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கறார். இவர் தன்னை அடிச்சுக்கறதா நினைச்சுட்டிருக்கார், அடி விழுந்தது அந்த மனுஷன் மேல.

அதைவிடக் கொடுமை, பின்னாலிருந்து ஒரு நல்ல ஆத்மா "அப்படியெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கீங்க"ன்னு ஆறுதல் சொல்றது. அந்தக் குரல் வந்துடுச்சுன்னா பேச்சு படுத்துடுச்சுன்னு அர்த்தம். சிரிக்க வந்த கூட்டத்துக்குத் துக்கம் விசாரிக்கிற வேலையைக் கொடுத்தாச்சு!

அட, உடம்புல ஜோக்கே இல்லைங்க. ஜிம்ல சேர்ந்த அன்னிக்கு ரிசப்ஷன்ல அளந்து விட்டோமே, அந்த வாய்லதான் இருக்கு. "காலையில அஞ்சு மணிக்குத்தான் திறப்பீங்களா? அதுக்கு முன்னாடி வர்றவங்க என்ன பண்றது?"ன்னு ரொம்ப அக்கறையா கேட்டவன் நான். எதிர்ல இருந்த பொண்ணு சிரிக்காம கார்டைத் தேய்ச்சாங்க. என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாங்க! இந்த ஒரு கேள்வியை அதே மிடுக்கோட மேடையில சொல்லுங்க, கூட்டம் தானா சிரிக்கும். அங்க இருக்கிற பாதிப் பேர் வேற எங்கேயோ இதே மாதிரி அளந்தவங்கதானே.

மிடுக்குன்னு சொன்னேன் பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. புலம்பாதீங்க, பெருமையடிங்க. "எனக்கு நாக்குக் கட்டுப்பாடே கிடையாதுங்க"ன்னு அழுதா பரிதாபம். "உடம்பு கட்டுப்பாடு இல்லைன்னு என்னை யாரும் சொல்லிட முடியாது. ராத்திரி வீட்ல ஒருத்தர் தூக்கம் கலையாம ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்க, தெரியும்!"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னா சிரிப்பு. டயட்டைப் பத்தி அது ஒண்ணு போதும். தின்ன பண்டத்தையெல்லாம் பட்டியல் போட்டா கூட்டத்துக்குப் பசிதான் எடுக்கும்.

இன்னொரு எரிச்சல், ஜோக் வரியை அமைக்கற லட்சணம். "நான் ஜிம்முக்குப் போகலை, என் பணம்தான் மாசாமாசம் போகுது"ங்கறாங்க. விஷயத்தை முதல்லயே உடைச்சாச்சு, அப்புறம் சிரிக்க என்ன மிச்சம்? திருப்பிப் போடுங்க: "மாசாமாசம் ஒண்ணாந்தேதி டாண்ணு ஜிம்முக்குப் போயிடும். மழையோ வெயிலோ, ஒரு மாசம் தவறினதில்லை. என் பணம்." கடைசிச் சொல் விழற வரைக்கும் கேக்கறவங்களுக்கு விஷயம் தெரியக் கூடாது. விழுந்ததும் வாயை மூடணும். "அதாவது நான் போகலைன்னு சொல்ல வர்றேன்"னு விளக்கவுரை கொடுக்கறவங்ககிட்ட இருந்து மைக்கைப் பிடுங்கினா தப்பே இல்லை.

அடுத்தது சாக்கு. வீட்ல இருக்கிறவங்க சமையலை, ட்ரெயினரை, ஆபீஸ் வேலையை இழுக்கற நிமிஷம் அது புகார் பெட்டி ஆயிடுது. படிச்சவங்க சாக்கு இன்னும் நாசூக்கு: ஆய்வுக் கட்டுரை! நிஜமாவே இருக்கு. டெல்லவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க ஜிம்களோட வருகைக் கணக்கை அலசி 2006ல எழுதினாங்க. மாசச் சந்தா கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 5 தடவைகூட எட்டிப் பார்க்கலை. தடவைக்கு 10 டாலர் டிக்கெட் இருந்தும், வந்த ஒவ்வொரு தடவைக்கும் 17 டாலருக்கு மேல அழுதிருக்காங்க. படிச்சப்ப எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆனா மேடையில இதை எடுத்தீங்கன்னா உங்களுக்கு நீங்களே வக்கீல் வச்ச மாதிரி ஆயிடும். தன்னைக் கலாய்க்க வந்தவனுக்கு வக்கீல் எதுக்கு?

எனக்குப் பத்திக்கிட்டு வர்றது முடிவுலதான். அஞ்சு நிமிஷத்துல இறங்க வேண்டியவர், திடீர்னு குரல் தழுதழுக்க "ஆனா இனிமே என் உடம்பைப் பார்த்துக்கப் போறேன், நீங்களும் பார்த்துக்குங்க"ன்னு உபதேசம் பண்றார். சிரிச்சுட்டிருந்தவங்க கைதட்டறதா வேண்டாமான்னு முழிக்கறாங்க. ஏன்யா? கடைசி வரைக்கும் அதே முட்டாளா நில்லுங்களேன். "நண்பர்களே, நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மாசச் சந்தாவை வருஷச் சந்தாவா மாத்திட்டேன். தள்ளுபடி தர்றாங்களாம்." சொல்லிட்டு இறங்கிடணும்.