மூட்டைக்கு ஒரு கிலோ

என் பெரியப்பா சேலத்தில் மிளகு மொத்த வியாபாரம் செய்தவர். மாசி, பங்குனியில் ஏற்காடு பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து மிளகு மூட்டைகள் வந்து இறங்கும். கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தவர் அல்லர், சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும், தமிழே பேசும் மக்கள்.) கல்லூரி விடுமுறையில் நான் கடையில் கணக்கு எழுதுவேன்.

பெரியப்பா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகை அள்ளுவார், முகர்ந்து பார்ப்பார், “ஈரம்” என்பார். ஐம்பது கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு. சமவெளி வியாபாரி கொண்டுவந்தால் மட்டும் ஈரப்பத மீட்டர் அலமாரியிலிருந்து வெளியே வரும்; பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் கழிவே கிடையாது. மலை மூட்டைக்கு அந்த மீட்டரை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் அந்த மக்களை வெறுத்தவர் அல்லர். “வெள்ளந்தி மனுஷங்கடா, சூது வாது தெரியாது. பொறுமையாகக் காயவைக்க மட்டும் வராது” என்று பாசத்தோடுதான் சொல்வார். வருபவர்களுக்குத் தன் காசில் டீ வாங்கித் தருவார். தராசில் நின்ற ஊழியரோ நேர் எதிர். அவர்கள் பக்கத்தில் வந்தாலே முகம் சுளிப்பார், பேச்சில் எரிச்சல் தெறிக்கும். ஆனால் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்க மாட்டார்; தராசு அவருக்குச் சாமி.

நாம் ஒரே மூட்டையில் கட்டிப் பேசும் மூன்று விஷயங்கள் அந்தக் கடையில் தனித்தனியாக நின்றன. “மலைக்காரர்களுக்குக் காயவைக்க வராது” என்பது முத்திரை. ஒரு கூட்டத்தைப் பற்றிய நம்பிக்கை. வெள்ளந்தி என்ற பாராட்டும் முத்திரைதான். தராசுக்காரர் மனத்தில் இருந்தது காழ்ப்பு, அது உணர்ச்சி. மீட்டரை எடுக்காமல் ஒரு கிலோவைக் கழித்தது பாகுபாடு, அது செயல். காழ்ப்பே இல்லாத பெரியப்பாதான் பாகுபாடு காட்டினார். அதனால்தான் “என் மனத்தில் வெறுப்பே இல்லை” என்று யாராவது சொன்னால் நான் அவருடைய கணக்கு நோட்டைப் பார்க்க விரும்புகிறேன்.

அடுத்து, “பழகினால் எல்லாம் சரியாகிவிடும்” என்ற பேச்சு. பெரியப்பா அந்த மக்களோடு முப்பது வருடம் பழகியவர். ஒரு கிலோ ஒரு கிலோவாகவே இருந்தது. 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றித்தான் எழுதினார். வெறும் பழக்கம் போதாது; அந்த இடத்தில் இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். விலை சொல்பவருக்கும் சொன்ன பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் இடையில் இவற்றில் எது இருந்தது?

உத்தரப் பிரதேசத்தில் மேத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் இதைக் கிரிக்கெட்டில் சோதித்தார். பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைக் கலப்பு அணியிலும் சிலரை ஒரே சாதி அணியிலும் போட்டார். சிலரை ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. கலப்பு அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள், சொந்தச் சாதிக்காரனையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் குறைந்தது. எதிரணியாக மட்டும் வேறு சாதியைச் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் நேர்மாறான விளைவு. மைதானம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான்.

என் கதையில் அது கபடி. கல்லூரி அணியில் எனக்குப் பக்கத்தில் கைகோத்து நின்றவன் ஒரு மலைக் கிராமத்துப் பையன். இரண்டு வருடத்தில் அவன் என் உயிர் நண்பனானான். பெரியப்பாவுக்கும் அவனை மிகவும் பிடிக்கும். “இந்தப் பையன் மலைக்காரன் மாதிரியே இல்லை” என்பார். பழக்கம் தோற்கும் இடம் இதுதான். ஒருவனைத் தனியே பிரித்து விதிவிலக்காக்கிவிட்டால் முத்திரைக்குச் சேதமே இல்லை. அவனைத் தன் கூட்டத்தில் ஒருவனாகவே பார்த்துக்கொண்டு நேசித்தால்தான் அந்த நேசம் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும் என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்.

என்னைச் சங்கடப்படுத்தும் இன்னொரு ஆய்வு முடிவும் உண்டு. இணக்கமான பழக்கம் பாதிக்கப்பட்டவர்களின் கோபத்தையும் தணித்துவிடுகிறதாம். எதிர்த்தரப்பு நியாயமாகத்தான் நடந்துகொள்ளும் என்று அவர்களை நம்ப வைத்துவிடுகிறதாம்.

போன மாதம் நண்பனைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். வாசல் சிமெண்டுத் தரையில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காலில் மிதிபட்டவை சரசரத்தன. தயங்கித் தயங்கி அந்த ஒரு கிலோவைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“தெரியும்டா. அப்பா வீட்டு நோட்டிலேயே ஐம்பது கிலோ மூட்டைக்கு நாற்பத்தொன்பது என்றுதான் எழுதுவார்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“நாம்தான் நன்றாகப் பழகிக்கொண்டிருந்தோமே” என்றான்.