அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக விடப்பட்டது?

இறந்த கணவரின் நிலையான வைப்புப் பணத்தைப் பெறமுடியாமல், சென்ற வாரம் கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கவுண்டரின் முன்னால் நின்று அழுத அந்த அம்மாவின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவரைக் கேளாமல் எடுக்கப்பட்ட அதை நான் இங்கே பகிரப் போவதில்லை. என்னை எழுத வைத்தது அதன் கீழே நம்மவர்கள் எழுதியவைதான். "அந்தியேட்டி முடியமுதல் காசுக்கு வந்திட்டா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு நூற்றுக்கணக்கானோர் விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். "மனைவிதானே, வைப்பும் முதிர்ந்துவிட்டது, கொடுத்தால் என்ன" என்று இன்னொருவர் வங்கியைத் திட்டியிருக்கிறார். "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைத்திருக்கிறார். அந்த வைப்புப் படிவத்தில், வைப்பாளர் இறந்தால் பணத்தைப் பெறவேண்டிய நியமனதாரரின் பெயர் எழுதவேண்டிய கட்டம் ஏன் வெறுமையாக இருந்தது என்று ஒருவராவது கேட்கவில்லை.

நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டது என்பதால் மட்டும் அந்தப் பணம் மனைவிக்குரியதாகிவிடாது. வைப்பாளர் உயிருடன் இருந்தால் முதிர்வு நாளில் அவர் போய்க் கையெழுத்திட்டுப் பெறலாம். அவர் இறந்துவிட்டால் பணம் அவருடைய ஆதனத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது, அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்கு நமது நாட்டின் சட்டம் ஒரு சுலபமான வழியை வைத்திருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 544ஆம் பிரிவின்படி, வைப்பாளர் தன் மரணத்தின் பின் பணத்தைப் பெறவேண்டியவரை எழுத்தில் நியமித்துவிடலாம். அப்படி நியமித்திருந்தால், மரணசாதனத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும், வங்கி பணத்தை அந்த நியமனதாரரிடமே கொடுக்கும். அவர் இறப்புச் சான்றிதழுடனும் தன் அடையாள அட்டையுடனும் வைப்புச் சான்றிதழுடனும் போனால் அலுவல் பெரும்பாலும் முடிந்துவிடும். கூட்டு வைப்பாக இருந்து, "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற அறிவுறுத்தலும் இருந்திருந்தால் அதுவும் ஏறக்குறைய அதே சுலபந்தான். இரண்டும் இல்லாதவர்களே கவுண்டரின் முன்னால் நின்று அழுகிறார்கள்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. என் சித்தப்பா பரந்தனில் இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர். காலபோகம் வெட்டி, கடன் எல்லாம் அடைத்து மிஞ்சியதைச் சேர்த்து 8 இலட்சம் ரூபாயை ஒரு வங்கியில் ஓராண்டு நிலையான வைப்பாகப் போட்டார். வட்டி ஆண்டுக்கு 8 வீதம். முதிர்ந்தால் முதலையும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிக்கும்படி அறிவுறுத்தல் கொடுத்திருந்தார். முதிர்வுக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் மாரடைப்பில் போய்விட்டார். சித்திக்கு அந்தச் சான்றிதழ் இருப்பதே தெரியாது. அலுமாரியில் வயல் உறுதிகளுக்கு இடையில் மடித்து வைத்திருந்த அதை நாங்கள் கண்டெடுத்தபோது முதிர்வு நாள் கடந்திருந்தது. இறப்பை யாரும் வங்கிக்கு அறிவிக்காததால், இறந்தவருடைய அறிவுறுத்தலின்படியே வைப்பு இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

வட்டியில் நேரும் இழப்பைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் கணக்கை எழுதுகிறேன். முதலாவது ஆண்டின் வட்டி 64,000 ரூபாய். அதில் பத்து வீதம் பிடித்துவைத்தல் வரியாக 6,400 ரூபாய் கழிய 57,600 ரூபாய் முதலுடன் சேர்ந்து 857,600 ரூபாய் ஆயிற்று. புதிய தவணைக்குப் பழைய 8 வீதம் கிடைக்காது, புதுப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள வீதமே கிடைக்கும். அது அப்போது 7 வீதம். தவணை முடியும்வரை விட்டிருந்தால் வரிக்கு முன் 60,032 ரூபாய் வட்டி வந்திருக்கும். ஆனால் சித்திக்கு மகளின் படிப்புக்கும் அடுத்த போகத்துக்கும் காசு தேவைப்பட்டது. ஐந்தாம் மாதத்தில் உடைத்தால் அந்த வங்கியின் நிபந்தனைப்படி 3 வீதந்தான், அதாவது 10,720 ரூபாய். இடையில் உடைக்கும்போது என்ன வட்டி என்பது ஒவ்வொரு வங்கியிலும் வேறுபடும், அது வைப்பு நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே வீட்டில் ஒருவர் இறந்தால், காசு உடனே தேவையோ இல்லையோ, முதிர்வு நாளுக்கு முன்பே இறப்புச் சான்றிதழின் பிரதியுடன் வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். முதிர்வின்போது என்ன செய்வார்கள், உடைத்தால் என்ன வீதம் கொடுப்பார்கள் என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அற்றோணித் தத்துவம் இருக்கிறது, அதைக் காட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதைக் கொடுத்தவர் இறந்த அன்றே அதுவும் இறந்துவிடுகிறது.

இனி யாருக்குப் பணம் என்ற விடயம். "மனைவிதானே" என்று எழுதியவருக்கு நான் சொல்வது இதுதான். வடக்கில் நிரந்தரமாக வாழும் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்துகிறது. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி உயிருடன் இருக்கும் துணைக்கும் மறுபாதி இறந்தவரின் உரித்தாளர்களுக்கும் சேரும். சித்தப்பாவின் வைப்பு திருமணத்தின் பின் உழைத்துத் தேடியது. எனவே 857,600 ரூபாயில் சித்திக்கு 428,800 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 214,400 ரூபாய். மகனும் மகளும் "எல்லாம் அம்மாவுக்கே" என்று மனமுவந்து சொன்னார்கள். ஆனால் அவர்கள் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு வங்கி பணம் கொடுக்காது.

சிறிய தொகையானால், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும், எல்லா உரித்தாளர்களின் சத்தியக்கடதாசியையும், பின்னர் வேறு யாராவது உரிமை கோரினால் பொறுப்பேற்போம் என்ற பிணைமுறியையும் பெற்றுக்கொண்டு வங்கிகள் பணம் கொடுப்பதுண்டு. அந்த எல்லையை ஒவ்வொரு வங்கியும் தானே வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், உரித்துச் சான்றிதழோ நிருவாகக் கடிதமோ பெற வேண்டும், சட்டத்தரணிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். சித்தப்பாவின் தொகை அந்த எல்லைக்குள் வந்தும் அலுவல் இழுபட்டது. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் ஒரு எழுத்தில், வைப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்தில், இறப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்று மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக அவருடைய பெயர் இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானின் முன் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மகனோ பிரான்ஸில் அகதி விண்ணப்பத்துடன் இருக்கிறான். இலங்கைத் தூதரகத்தில் போய்க் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னார்கள். இந்த நாட்டில் தனக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் பிள்ளை அந்தத் தூதரகத்தின் வாசலுக்கு எப்படிப் போவான்? சித்தப்பா கையெழுத்திட்ட அன்று அந்தக் கட்டத்தில் சித்தியின் பெயரை எழுதியிருந்தால் இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

"படிக்காமல் ஏன் கையெழுத்திட்டார்" என்று கேட்பீர்கள். அந்தப் படிவத்தை நான் பின்னர் பார்த்தேன். சிறிய ஆங்கில எழுத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில், வரிச்சட்டம் பற்றிய உறுதியுரைக்குக் கீழே அந்தக் கட்டம் இருந்தது. சித்தப்பா தமிழில் நன்றாக வாசிப்பார். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்திருந்தார்கள், அவரும் புள்ளடி இருந்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டார். நியமனக் கட்டத்தில் புள்ளடி இல்லை.

"ஊழியர்களுக்கு வேலை அதிகம்" என்பது உண்மைதான். "சரிபார்க்காமல் கொடுத்தால் மோசடி நடக்கும்" என்பதும் உண்மை. அந்தச் சத்தியக்கடதாசிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நியமனதாரர் யார் என்று ஒரு கேள்வி கேட்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

எனக்கு ஆற்றமுடியாமல் இருப்பது இன்னொரு பதில். ஒரு வங்கி அலுவலரே எழுதியிருக்கிறார்: "காசு போட வருபவரிடம் நீங்கள் செத்தால் யாருக்கு என்று கேட்பது அபசகுனம், ஆட்கள் கோபிப்பார்கள்." ஐயா, நீங்கள் எந்த ஊர் மக்களைப் பற்றி எழுதுகிறீர்கள்? 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை நடந்துபோன சனத்திடம் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறீர்களா? இங்கே உறுதிகளும் சான்றிதழ்களும் பிறப்புப் பத்திரங்களும் பதுங்குகுழிகளோடு போயின. விவாகப் பதிவு செய்ய வழியில்லாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்கள், இன்று தாங்கள் மனைவி என்பதையே நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். அப்படியான ஒருத்திக்கு உரித்தைக் காட்டும் பத்திரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், நியமனக் கட்டத்தில் அவளுடைய பெயர் இருந்தால் வங்கி அவளிடம் பணத்தைக் கொடுக்கும். காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற மனம் வராமல், இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்கீழ் காணப்படாமைச் சான்றிதழ் பெற்று வைத்திருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் நம்மிடையே இருக்கிறார்கள். கணவன் வருவான் என்று இருப்பவளிடம், வைப்பை எடுக்க வேண்டுமானால் அவன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொண்டு வா என்று சொல்வதைவிடவா நியமனதாரர் யார் என்று கேட்பது அபசகுனம்?

பத்து ஆண்டுகள் எவரும் உரிமை கோராத வைப்புகள் கைவிடப்பட்ட ஆதனமாக மத்திய வங்கிக்கு மாற்றப்படுகின்றன. அதன் பின்னும் வைப்பு இருந்த வங்கியின் ஊடாகவே விண்ணப்பித்து மீளப் பெறலாம். இதை வன்னியில் எத்தனை வீடுகளுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

வங்கி முகாமையாளர் எவராவது இதைப் படித்தால் அவரிடம் கேட்பது ஒன்றுதான். வைப்புச் சான்றிதழிலும் ஒவ்வொரு புதுப்பித்தல் கடிதத்திலும் நியமனதாரரின் பெயரைத் தமிழில் அச்சிடுங்கள். நியமிக்கவில்லை என்றால் "நியமனதாரர் எவரும் இல்லை" என்று அதே இடத்தில் அச்சிடுங்கள். நியமிக்கப்பட்டவர் வைப்பாளருக்கு முன்னரே இறந்துவிட்டால் அந்த நியமனம் பயனற்றுப் போகும் என்பதால், புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தலைமை அலுவலகம் அச்சிட அனுமதிக்கும்வரை, கையெழுத்திட வேண்டிய இடங்களுக்குப் போடும் அதே பென்சில் புள்ளடியை அந்தக் கட்டத்துக்கும் போடுங்கள்.