சாவி தாமதமானால் வாடகை?

"அக்ரிமென்ட்ல தேதி போட்டாச்சுன்னா, சாவி எப்போ கிடைச்சாலும் அன்னையிலிருந்து வாடகை கட்டணும்."

அப்படி இல்லைங்க. சொத்துரிமை மாற்றச் சட்டம் 108-வது பிரிவுப்படி, வாடகைதாரர் கேட்டால் இடத்தைக் கையில் கொடுப்பது ஓனர் கடமை. கொடுக்காத நாட்களுக்கு வாடகை கேட்பது கஷ்டம்.

"சாவி தாமதமானா அக்ரிமென்ட்ல உள்ள எல்லாத் தேதியும் தானா நகரும்" என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி. என் கடைக்கு ஏப்ரல் 1 தொடக்கம், உள்வேலைக்கு 60 நாள் வாடகை இல்லை, மே 31 முதல் வாடகை. சாவி வந்தது ஏப்ரல் 26. "ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாள்" என்று எழுதியிருந்ததால் ஜூன் 25-க்கு நகர்ந்தது. குத்தகை முடிவுத் தேதி மட்டும் நகரல. 25 நாள் போச்சு. அதற்குத் தனியாகத் திருத்தப் பத்திரம் வேண்டும். சாவி வாங்கிய அன்றே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிடுங்க. மின் இணைப்பு வராமல் சாவி மட்டும் வந்தால் அது ஒப்படைப்பா? அங்கேதான் சண்டையே.